கட்டியது 60,000, காட்டுவது 55,916: யூலிப் அறிக்கையை வரி வரியாகப் படிப்போம்

ஆயுள் காப்பீட்டையும் சந்தை முதலீட்டையும் சேர்த்துத் தரும் யூலிப் பாலிசியை எடுத்தவருக்கு முதல் ஆண்டு முடிவில் ஒரு கணக்கு அறிக்கை வரும். அதைப் பிரித்ததும் கண் இரண்டு இடங்களுக்குத்தான் போகும். ஒன்று, இதுவரை கட்டிய மொத்த பிரீமியம். மற்றொன்று, இன்றைய ஃபண்ட் வேல்யூ, அதாவது நிதி மதிப்பு. இரண்டாவது எண் முதல் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் உடனே வரும் கேள்வி, "சந்தை விழுந்துவிட்டதா?" முகவரைக் கேட்டால், "இல்லையே, உங்கள் ஃபண்ட் ஐந்து சதவீதம் ஏறியிருக்கிறதே" என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை. ஃபண்ட் ஏறியிருக்கும்போதே உங்கள் பணம் குறைந்திருக்க முடியும். அது எப்படி என்பதை ஒரே ஒரு பாலிசியின் ஒரே ஒரு ஆண்டை எடுத்துக்கொண்டு பார்த்துவிடலாம். இங்கே வரும் பாலிசி விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டது. கட்டண விகிதங்கள் நடைமுறையில் காணக்கூடியவை, விதிகள் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்தவை.

38 வயதான ஒருவர் 2024 ஏப்ரல் 10 அன்று பாலிசி எடுக்கிறார். ஆண்டு பிரீமியம் 60,000 ரூபாய். காப்பீட்டுத் தொகை அதைப்போல் பத்து மடங்கு, 6 லட்சம். முழுப் பணத்தையும் ஒரே பங்குச் சந்தை ஃபண்டில் போடச் சொல்லியிருக்கிறார். 2025 மார்ச் கடைசியில் அறிக்கை வருகிறது. கட்டியது 60,000. நிதி மதிப்பு 55,916. குறைவது 4,084 ரூபாய். அந்த ஆண்டு ஃபண்டின் ஏற்றம் சரியாக 5 சதவீதம்.

இந்த 4,084 எங்கே போனது என்று அறிக்கையில் ஒரே இடத்தில் எழுதியிருக்காது. யூலிப்பில் கட்டணம் மூன்று வெவ்வேறு வாசல்கள் வழியாக வெளியே போகிறது. முதலாவது, பணம் முதலீடாகும் முன்பே ரூபாயாகப் போவது. இரண்டாவது, ஃபண்டில் உங்களுக்கு உள்ள கூறுகளான யூனிட்டுகளாக மாதாமாதம் போவது. மூன்றாவது அறிக்கையில் எந்த வரியிலும் தெரியாமல் போவது. ஒவ்வொன்றாக வருவோம்.

முதல் வரி: 60,000 முழுதாக உள்ளே போகவில்லை

அறிக்கையின் பரிவர்த்தனைப் பட்டியலில் முதல் வரியைப் பாருங்கள். பிரீமியம் 60,000 என்று இருக்கும். அதையடுத்து 'பிரீமியம் அலோகேஷன் சார்ஜ்' என்று ஒன்று இருக்கும். தமிழில் ஒதுக்கீட்டுக் கட்டணம் என்று சொல்லலாம். பாலிசியை விற்பதற்கான செலவு, முகவரின் கமிஷன், ஆவண வேலை இவற்றுக்காக நிறுவனம் பிரீமியத்திலிருந்து முதலிலேயே எடுத்துக்கொள்ளும் தொகை இது. நம் பாலிசியில் 5 சதவீதம், அதாவது 3,000 ரூபாய். அந்தக் கட்டணத்தின் மேல் அப்போது 18 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. அது 540. ஆக 3,540 போக, 56,460 ரூபாய்தான் முதலீட்டுக்குப் போகிறது.

உயிர்க் காப்பீடு மட்டும் தரும் டேர்ம் பாலிசியிலோ, சேமிப்பும் சேர்ந்த எண்டோமென்ட்டிலோ ஜிஎஸ்டி இருந்த காலத்தில் அது பிரீமியத்தின் மேல் தனியாகச் சேர்ந்து வந்தது. 'பிரீமியம் இவ்வளவு, வரி இவ்வளவு' என்று ரசீதிலேயே தெரிந்தது. யூலிப்பில் அப்படியில்லை. நீங்கள் கட்டிய தொகை மாறவில்லை. வரி உள்ளிருந்தே எடுக்கப்பட்டது. அதனால் பலருக்கு வரி கட்டிய நினைவே இருக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு வந்துவிட்டது, யூலிப்பும் அதில் அடக்கம். எனவே 2025-26 அறிக்கையில் ஆண்டின் முதல் பாதியில் வரிக்கான வரிகள் இருந்து, பிறகு மறைந்திருந்தால் குழம்ப வேண்டாம். நம் பாலிசியில் 2026 ஏப்ரலில் கட்டும் பிரீமியத்திலிருந்து அந்த 540 எடுக்கப்படாது.

இந்த ஒதுக்கீட்டுக் கட்டணம் திட்டத்துக்குத் திட்டம் மாறும். எந்த ஆண்டிலும் ஆண்டு பிரீமியத்தில் 12.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2019 விதிகள் வைத்த வரம்பு. சில திட்டங்களில் முதல் ஆண்டு அதிகம், பிறகு குறையும். இணையம் வழியாக விற்கப்படும் சிலவற்றில் இது பூஜ்யம். பூஜ்யம் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தால் அடுத்த வாசலை, அதாவது மாதாந்திர நிர்வாகக் கட்டணத்தை, கொஞ்சம் கூர்ந்து பார்ப்பது நல்லது.

2010-க்கு முன் பாலிசி எடுத்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுடைய பழைய அறிக்கையை வாங்கிப் பாருங்கள். முதல் பிரீமியத்தில் பெரும்பகுதி முதலீட்டுக்கே போகாமல் நின்ற திட்டங்கள் அன்று சாதாரணம். யூலிப்பை யார் கட்டுப்படுத்துவது என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபிக்கும் காப்பீட்டு ஆணையத்துக்கும் 2010 ஏப்ரலில் பெரிய தகராறே மூண்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் கட்டணங்களுக்கு உச்சவரம்பும், பணத்தை எடுக்க முடியாத ஐந்தாண்டுப் பூட்டுக் காலமும் வந்தன. "யூலிப் என்றாலே ஏமாற்று" என்ற பேச்சு பெரும்பாலும் அந்தக் காலத்து அனுபவத்திலிருந்து வருவது.

யூனிட்டைப் பாருங்கள், ரூபாயை அப்புறம் பார்க்கலாம்

56,460 ரூபாய்க்கு இப்போது யூனிட் வாங்கப்படுகிறது. ஒரு யூனிட்டின் அன்றைய விலை என்ஏவி எனப்படும். நம் கணக்கில் அது 22.5840 ரூபாய். 56,460-ஐ 22.5840-ஆல் வகுத்தால் 2,500 யூனிட்.

இந்த 2,500 என்ற எண்தான் உங்கள் உண்மையான இருப்பு. நிதி மதிப்பு என்று அறிக்கை காட்டும் ரூபாய், யூனிட் எண்ணிக்கையை அன்றைய என்ஏவியால் பெருக்கி வந்த விடை மட்டுமே. நாளைக்கு என்ஏவி மாறினால் அதுவும் மாறும். எனவே பணம் எங்கே போனது என்று தேடுபவர் ரூபாய் பத்தியில் தேடினால் சந்தையின் ஏற்ற இறக்கமும் கட்டணக் கழிவும் ஒன்றாகக் கலந்து கிடக்கும், பிரிக்கவே முடியாது. யூனிட் பத்தியில் தேடினால் அந்தக் கலப்பு இல்லை. சந்தை என்ன ஆட்டம் ஆடினாலும் உங்கள் யூனிட் எண்ணிக்கை குறையாது. அது குறைகிறது என்றால் காரணம் கட்டணம், அல்லது நீங்களே பணம் எடுத்தது, அல்லது ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியது.

ஆண்டுக் கடைசியில் நம் பாலிசியில் இருப்பது 2,358 யூனிட். 142 யூனிட் காணோம். இது இரண்டாவது வாசல்.

மாதாமாதம் கரையும் யூனிட்

பாலிசி தொடங்கிய நாளிலும், பிறகு ஒவ்வொரு மாதமும் அதே தேதியிலும், 'யூனிட் ரத்து' என்ற வகையில் சில வரிகள் இருக்கும். சில நிறுவனங்களின் அறிக்கையில் இது ரூபாயிலும் யூனிட்டிலும் இருக்கும், சிலவற்றில் யூனிட் மட்டும்தான். நம் பாலிசியில் இதில் இரண்டு கட்டணங்கள் அடக்கம்.

ஒன்று பாலிசி நிர்வாகக் கட்டணம். மாதம் 150 ரூபாய், ஜிஎஸ்டி 27, ஆக 177. விதிப்படி இது மாதம் 500 ரூபாயைத் தாண்டக் கூடாது. இதில் விளக்க ஒன்றுமில்லை. ஆனால் சிறு பிரீமியம் கட்டுபவரை இது அதிகம் கடிக்கும். ஆண்டுக்கு 60,000 கட்டுபவருக்கு 2,124 என்பது மூன்றரை சதவீதம். 3 லட்சம் கட்டுபவருக்கு அதே தொகை ஒரு சதவீதம்கூட இல்லை.

மற்றொன்று மார்டாலிட்டி சார்ஜ். உங்கள் உயிருக்கான காப்பீட்டின் விலை இதுதான். யூலிப்பில் இதைக் கணக்கிடும் முறை தெரிந்தால் அறிக்கையில் பாதி புரிந்த மாதிரி.

நிறுவனம் முழு 6 லட்சத்துக்குமாகக் கட்டணம் வாங்குவதில்லை. இந்தப் பாலிசியில் பாலிசிதாரர் இறந்தால் காப்பீட்டுத் தொகை அல்லது நிதி மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அது குடும்பத்துக்குக் கிடைக்கும். கட்டிய பிரீமியத்தில் 105 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்ற விதியும் உண்டு. முதல் நாளன்று நிதியில் ஏற்கெனவே 56,460 இருக்கிறது. அன்றே ஏதாவது நேர்ந்தால் நிறுவனம் தன் கையிலிருந்து போடவேண்டியது மிச்சமுள்ள 5,43,540 மட்டும். இதை 'சம் அட் ரிஸ்க்' என்பார்கள். நிறுவனம் தாங்கும் தொகை என்று புரிந்துகொள்ளலாம். அந்த வயதுக்கான விகிதம் ஆயிரத்துக்கு ஆண்டுக்கு 1.80 ரூபாய் என்று வைத்தால், ஆண்டுக்கு 978 ரூபாய், மாதத்துக்கு 81.53. ஜிஎஸ்டி சேர்த்து 96.21.

இரண்டையும் கூட்டினால் முதல் மாதக் கழிவு 273.21 ரூபாய். அன்றைய என்ஏவி 22.5840. எனவே 12.097 யூனிட் ரத்தாகிறது. அடுத்த மாதம் என்ஏவி சற்று ஏறியிருப்பதால் அதே ரூபாய்க்குச் சற்றுக் குறைந்த யூனிட் போகும். இப்படிப் பன்னிரண்டு கழிவுகளில் 142 யூனிட் போய்விட்டது. ரூபாயில் சுமார் 3,279. இதில் நிர்வாகக் கட்டணம் 2,124, காப்பீட்டுக்கு 1,155.

இங்கே நின்று ஒரு விஷயம் யோசிக்க வேண்டும். குறைந்துபோன 4,084 முழுவதும் 'நஷ்டம்' என்று சொல்பவர் அந்த 1,155-ஐ மறந்துவிடுகிறார். ஆண்டு முழுவதும் ஐந்தரை லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு இருந்தது, அதற்கான விலை அது. தனியாக டேர்ம் பாலிசி எடுத்திருந்தாலும் பிரீமியம் கட்டியிருக்கத்தான் வேண்டும். அந்த விலை மலிவா அதிகமா என்பது வேறு பேச்சு; டேர்ம் பாலிசியோடு ஒப்பிடலாம், ஒப்பிடவும் வேண்டும். எதுவும் பெறாமல் போன பணம் என்று மட்டும் சொல்ல முடியாது.

சந்தை விழும்போது இந்த மாதாந்திரக் கழிவு இரண்டு பக்கமும் கடிக்கும். முதல் மாதமே என்ஏவி 20 சதவீதம் விழுந்து 18.0672 ஆகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நிதி மதிப்பு 45,000 ரூபாய்ச் சுமாருக்கு இறங்கும். நிறுவனம் தாங்கும் தொகை 5,55,000 ஆக ஏறும், மார்டாலிட்டி சார்ஜும் இரண்டு ரூபாய் அளவுக்கு ஏறும். அது பெரிதல்ல. பெரிது எதுவென்றால், மாதம் 275 ரூபாயை எடுக்க இப்போது 15.2 யூனிட் விற்க வேண்டும். முன்பு 12.1 போதும். சந்தை மறுபடி எழும்போது என்ஏவி திரும்பி வரும், ரத்தான யூனிட் திரும்பி வராது.

இதற்கு மாறாக நிதி வளர வளர நிறுவனம் தாங்கும் தொகை குறையும். நிதி மதிப்பு 6 லட்சத்தைத் தாண்டி, கட்டிய பிரீமியத்தில் 105 சதவீதத்துக்கும் மேல் இருந்தால், தாங்க ஒன்றுமே இல்லை. மார்டாலிட்டி சார்ஜ் நின்றுவிடும். அறிக்கையில் திடீரென அந்த வரி காணாமல் போனால் பிழையென்று நினைக்க வேண்டாம். ஆனால் உங்கள் பாலிசி 'இரண்டும் சேர்ந்து கிடைக்கும்' வகை என்றால், அதாவது இறப்பின்போது காப்பீட்டுத் தொகையும் நிதி மதிப்பும் இரண்டுமே தரும் வகை என்றால், நிறுவனம் கடைசிவரை முழு 6 லட்சத்தையும் தாங்குகிறது. கட்டணமும் கடைசிவரை உண்டு. விகிதம் வயதோடு ஏறும். ஐம்பதுகளின் இறுதியில் அது முப்பதுகளில் இருந்ததைப்போல் பல மடங்கு. இந்த வகை எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் யூனிட் வேகமாகக் கரைவது இதனால்தான். எந்த வகை என்பது பாலிசி ஆவணத்தின் இறப்புப் பலன் பகுதியில் இருக்கும்.

எந்த வரியிலும் இல்லாத கட்டணம்

இதுவரை கணக்குப் போட்டதைச் சரிபார்ப்போம். 60,000-இல் 3,540 போனது. பிறகு 3,279 போனது. மிச்சம் 53,181. ஆனால் நிதி மதிப்பு 55,916. நடுவில் வந்த 2,735 ரூபாய் முதலீட்டின் ஆதாயம். 22.5840-ஆக இருந்த என்ஏவி ஆண்டுக் கடைசியில் 23.7132 ஆனது, 5 சதவீத ஏற்றம். 2,358 யூனிட்டை 23.7132-ஆல் பெருக்கினால் 55,916 வரும். கணக்கு இடிக்காமல் முடிந்துவிட்டது. முகவர் சொன்ன 5 சதவீதமும் சரி, உங்கள் 4,084 குறைவும் சரி. அவர் யூனிட்டின் விலையைச் சொன்னார். நீங்கள் பையிலிருந்து எடுத்த மொத்தத்தைச் சொன்னீர்கள்.

ஆனால் மூன்றாவது வாசலை இன்னும் தொடவேயில்லை. கணக்கு அது இல்லாமலே முடிந்துவிட்டதே என்று தோன்றும். அதுதான் அதன் இயல்பு.

ஃபண்ட் மேனேஜ்மென்ட் சார்ஜ் என்பது உங்கள் பணத்தை முதலீடு செய்து நிர்வகிப்பதற்கான கட்டணம். இது யூனிட்டை ரத்து செய்து எடுக்கப்படுவதில்லை. ஃபண்டின் மொத்தச் சொத்திலிருந்து ஒவ்வொரு நாளும் சிறு துளியாகக் கழித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் என்ஏவியையே அறிவிக்கிறார்கள். எனவே நீங்கள் பார்க்கும் என்ஏவி ஏற்கெனவே கட்டணம் போன என்ஏவி. பரிவர்த்தனைப் பட்டியலில் இதற்கென ஒரு வரி வராது, யூனிட்டும் குறையாது.

விதிப்படி இதன் உச்சவரம்பு ஆண்டுக்கு 1.35 சதவீதம். பங்குச் சந்தை ஃபண்டுகள் பல இந்த உச்சத்தை ஒட்டியே வாங்குகின்றன. கடன் பத்திர ஃபண்டுகளில் பொதுவாகக் குறைவு. நம் பாலிசியில் 1.35 என்று வைத்து, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 1.593 சதவீதம். சராசரியாக 56,000 ரூபாய் நிதியில் ஆண்டுக்கு 892 ரூபாய். அதாவது ஃபண்ட் வாங்கிய பங்குகள் உண்மையில் 6.7 சதவீதம் அளவுக்கு ஏறியிருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்தது 5 மட்டும்.

இப்போது முழுப் படம் இது. அந்த ஆண்டில் எல்லா வாசலும் சேர்ந்து வாங்கியது 3,540 + 3,279 + 892 = 7,711 ரூபாய். பங்குகள் சம்பாதித்தது 3,627. வித்தியாசம் 4,084. அறிக்கையை மட்டும் கூட்டினால் கட்டணம் 6,819 என்றுதான் வரும்.

முதல் ஆண்டில் இந்த 892 மூன்றில் மிகச் சிறியது. அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. பத்து ஆண்டு கழித்து நிதி ஏழரை லட்சம் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கீட்டுக் கட்டணம் இன்னும் 5 சதவீதமாகவே இருந்தாலும் அதே 3,000-தான், ஏனென்றால் அது புதிதாகக் கட்டும் பிரீமியத்தின் மேல் மட்டும் வருவது. நிர்வாகக் கட்டணம் பெரிதாக மாறியிருக்காது. ஃபண்ட் மேனேஜ்மென்ட் சார்ஜ் மட்டும் ஏழரை லட்சத்தில் 1.35 சதவீதம், 10,125 ரூபாய். நீண்டகாலப் பாலிசியில் மிகப் பெரிய கட்டணம், அறிக்கையில் அச்சாகாத இந்தக் கட்டணம்தான். முதல் ஆண்டு அறிக்கையைப் பார்த்துக் கொதிப்பவர்கள் பத்தாம் ஆண்டு அறிக்கையைப் பார்த்து நிம்மதி அடைவதில் எனக்குச் சற்று வேடிக்கை உண்டு.

இதை ரூபாயில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பாலிசி எடுக்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட 'பெனிஃபிட் இல்லஸ்ட்ரேஷன்' என்ற பலன் விளக்கத் தாளைத் தேடி எடுங்கள். ஆண்டுக்கு 4 சதவீதமும் 8 சதவீதமும் வளர்ந்தால் என்ன ஆகும் என்று இரண்டு கற்பனைகளை அது காட்டும். அந்த 8 சதவீதம் உத்தரவாதமல்ல என்று அங்கேயே எழுதியிருக்கும். அதிலுள்ள விரிவான அட்டவணையில் ஒதுக்கீட்டுக் கட்டணம், மார்டாலிட்டி, நிர்வாகக் கட்டணம் இவற்றோடு ஃபண்ட் மேனேஜ்மென்ட் சார்ஜும் ஆண்டுவாரியாக ஒரு தனிப் பத்தியில் ரூபாயில் இருக்கும். கட்டணங்கள் போக நிகர ஈட்டம் எத்தனை சதவீதம் என்றும் இருக்கும். விற்பனையின்போது பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிய தாள் இதுவாகத்தான் இருக்கும்.

முதல் ஆண்டு ஏன் இப்படி மோசமாகத் தெரிகிறது

2010 விதிகள் கட்டணத்தை மொத்த ஈட்டத்துக்கும் நிகர ஈட்டத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியாக அளக்கின்றன. ஐந்தாம் ஆண்டு முடிவில் பார்த்தால் அந்த இடைவெளி 4 சதவீதப் புள்ளிகளைத் தாண்டக் கூடாது. பத்தாம் ஆண்டில் 3, பதினைந்தாம் ஆண்டு முதல் 2.25. முதல் நான்கு ஆண்டுகளுக்கு இந்த வரம்பு இல்லை. எனவே செலவை முன்னால் எடுத்துக்கொண்டு பின்னால் சமன் செய்யும் அமைப்புக்கு இடம் இருக்கிறது. நம் உதாரணத்தில் முதல் ஆண்டில் 6.7-க்கு எதிராக நீங்கள் கண்டது கிட்டத்தட்ட மைனஸ் 7 சதவீதம். இதே வேகத்தில் ஒவ்வோர் ஆண்டும் கரையும் என்று கணக்குப் போடுவது தவறு. இந்தியப் பங்குச் சந்தை நல்லபடி போனால் மூன்றாம் நான்காம் ஆண்டிலேயே நிதி மதிப்பு கட்டியதைத் தாண்டலாம். போகாவிட்டால் தாண்டாமலும் போகலாம். அந்த ஆபத்து உங்களுடையது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது.

உண்மையிலேயே பிழை இருந்தால்

மேலே சொன்ன எல்லாமே நியாயமான கழிவுகள். தவறும் நடக்கும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் போதும்.

முதலாவது யூனிட் சோதனை. ஆண்டுத் தொடக்க யூனிட், அதோடு வாங்கிய யூனிட், அதிலிருந்து ரத்தான யூனிட், விடை இறுதி யூனிட்டோடு பொருந்த வேண்டும். ஃபண்ட் மாற்றியிருந்தால் ஒரு ஃபண்டில் பெரிய கழிவும் இன்னொன்றில் பெரிய வரவும் இருக்கும், அது கட்டணமல்ல. மாதாமாதம் கொஞ்சமாகக் கடன் ஃபண்டிலிருந்து பங்கு ஃபண்டுக்கு மாறும் வசதியைத் தெரிந்தோ தெரியாமலோ தேர்ந்தெடுத்தவர்கள் அந்த வரிகளைக் கட்டணம் என்று எண்ணிப் பதறுவதுண்டு.

இரண்டாவது என்ஏவி சோதனை. ஒவ்வொரு ஃபண்டுக்கும் எஸ்எஃப்ஐஎன் என்ற அடையாள எண் உண்டு. ஒரே மாதிரிப் பெயருள்ள ஃபண்டுகள் ஒரு நிறுவனத்திலேயே பல இருப்பதால் பெயரை நம்பாமல் இந்த எண்ணை வைத்து நிறுவனத்தின் இணையதளத்தில் அந்தத் தேதியின் என்ஏவியை எடுங்கள். அறிக்கையில் இருப்பதோடு நான்கு தசமம் வரை பொருந்த வேண்டும்.

தேதியில்தான் பெரும்பாலான சச்சரவு. வேலை நாளில் மாலை 3 மணிக்குள் பிரீமியம் வந்து சேர்ந்தால் அன்றைய என்ஏவி, அதற்குப் பிறகு என்றால் அடுத்த வேலை நாளுடையது. வெளியூர்க் காசோலை என்றால் பணம் கைக்கு வந்த நாள்தான் கணக்கு. தவணைத் தேதிக்கு முன்பே கட்டிவிட்டால் யூனிட் தவணைத் தேதியில்தான் வாங்கப்படும். மார்ச் 25 அன்று கட்டிய ஏப்ரல் பிரீமியம் மார்ச் அறிக்கையில் யூனிட்டாகத் தெரியாது. இது பிழையல்ல. 3 மணிக்குள் கணக்கில் ஏறியதற்கு வங்கிச் சான்று இருந்தும் இரண்டு மூன்று நாள் தள்ளிய என்ஏவி போட்டிருந்தால், அது பிழை.

மார்டாலிட்டி சார்ஜ் உங்கள் கணக்கைவிட அதிகமாக இருந்தால் முதலில் பிறந்த தேதியும் காப்பீட்டுத் தொகையும் அறிக்கையில் சரியா என்று பாருங்கள். மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு கூடுதல் விகிதம் போட்டிருக்கலாம், ரைடர் எனப்படும் துணைக் காப்பீடு எதையாவது சேர்த்திருக்கலாம். எதுவுமில்லை என்றால் ஒவ்வொரு கழிவும் எந்தத் தேதி, எந்த என்ஏவி, எந்தத் தொகை என்று காட்டும் விரிவான அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார்த் தளத்திலும், அடுத்து காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மேனிடமும் போகலாம்.

நிதி மதிப்பு உங்கள் கைக்கு வரும் தொகையா?

முதல் ஐந்து ஆண்டுகளில் இல்லை. நம் பாலிசிதாரர் கோபத்தில் முதல் ஆண்டுக் கடைசியில் நிறுத்திவிடுகிறார் என்று வைப்போம். ஆண்டு பிரீமியம் 50,000-க்கு மேல் இருப்பதால், முதல் ஆண்டில் நிறுத்தினால் கட்டணம் பிரீமியத்தில் அல்லது நிதி மதிப்பில் 6 சதவீதம், எது குறைவோ அது. அதுவும் 6,000-க்கு மிகாமல். 55,916-இல் 6 சதவீதம் 3,355. இரண்டாம் ஆண்டில் 4 சதவீதம், உச்சம் 5,000. மூன்றாம் ஆண்டில் 3 சதவீதம், உச்சம் 4,000. நான்காம் ஆண்டில் 2 சதவீதம், உச்சம் 2,000. ஐந்தாம் ஆண்டு முதல் இந்தக் கட்டணமே கிடையாது.

கட்டணம் போன மிச்சமும் உடனே கைக்கு வராது. நிறுத்தப்பட்ட பாலிசிகளுக்கென்று உள்ள தனி ஃபண்டுக்குப் போய்விடும். அங்கே குறைந்தபட்சம் ஆண்டுக்கு 4 சதவீத வட்டி உண்டு, நிர்வாகக் கட்டணம் அரை சதவீதத்தைத் தாண்டாது. ஆயுள் காப்பீடு நின்றுவிடும். பாலிசி எடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு முடிந்த பிறகுதான் பணம் வரும். ஆகவே முதலாண்டில் நிறுத்தியவர் சந்தையிலிருந்தும் வெளியேறுகிறார், பணத்தையும் எடுக்க முடிவதில்லை. ஆனால் மேற்கொண்டு கட்டவேண்டிய நான்கு 60,000-களும் அவர் கையிலேயே இருக்கும். நிறுத்துவது லாபமா என்பதை அந்தப் பணத்தை வேறு எங்கே போடுவார் என்பதை வைத்துத்தான் கணக்கிட முடியும், 55,916 என்ற எண்ணை மட்டும் வைத்து அல்ல.

பாலிசி ஆவணம் கைக்கு வந்து 30 நாள் ஆகாதவருக்கு மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. அந்த ஃப்ரீ லுக் காலத்துக்குள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் அன்றைய நிதி மதிப்போடு அதுவரை பிடித்த கட்டணங்களும் திரும்ப வரும். அந்தச் சில நாட்கள் காப்பீடு இருந்ததற்கான விலை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத்தாள் செலவு ஆகியவற்றை மட்டும் கழித்துக்கொள்வார்கள்.